குழுக் கூட்டத்தில் குழந்தைப் பேதி பற்றிய பேச்சு: கேட்டவர்கள், பேசியவர்கள் சொல்லுங்கள்

மேலூர் மருமகள்

சந்தா வசூலித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. எழுந்து போகலாம் என்று இருந்தபோதுதான் நர்சம்மா வந்தார். வழக்கமான பேச்சுதான் என்று நினைத்தோம். அவர் பேசவே இல்லை. ஒரு ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை எங்கள் குழுவின் மூத்த அக்காவிடம் நீட்டி, "உங்க வீட்டுல எப்படிக் கரைப்பீங்களோ அப்படியே கரைங்க" என்றார்.

அக்கா சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கினார். "இப்ப ஒரு வாய் குடிங்க." குடித்தவர் முகம் கோணிப்போனது. பிறகு ஒரு லிட்டர் பாட்டிலில் இன்னொரு பொட்டலத்தைக் கரைத்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார். "கண்ணீர்ல எவ்வளவு உப்பு இருக்கோ அவ்வளவுதான் இதுலயும் இருக்கணும். அதைவிடக் கரிச்சா கீழ ஊத்திருங்க." டம்ளரில் கரைத்தது ஐந்து மடங்கு கெட்டி. அதைக் குடித்தால் குழந்தைக்குத் தாகம் கூடும், பேதியும் கூடும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம் என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "அப்ப போன வருஷம் நான் குடுத்தது?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நர்சம்மாவுக்குக் கேட்டதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் குரல்தான் மண்டைக்குள் இருக்கிறது.

திருமங்கலம் தகப்பன்

என் மனைவியின் குழுவிலும் இதே கதைதான் சொன்னார்களாம். ஆனால் ஒரு வயசுப் பிள்ளை ஒரு லிட்டரையா குடிக்கப் போகிறது? மிச்சத்தை ஊற்றவேண்டியதுதான். நாங்கள் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் பொடி போட்டுவிட்டு, பொட்டலத்தை மடித்து டப்பாவில் வைத்துவிடுவோம். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

ஓய்வுபெற்ற நர்ஸ், செல்லம்பட்டி பக்கம்

கணக்கு சரிபோலத் தெரியும், தம்பி. ஆனால் பொட்டலத்துக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்காது. மேலே ஒரு ஸ்பூன் எடுத்தால் ஒன்று கூடும், அடியில் எடுத்தால் இன்னொன்று கூடும். பிரித்த பொட்டலத்தில் ஈரமும் ஏறும். வீணாகிறது என்று வருத்தமாக இருந்தால் 200 மில்லிக்கென்றே சின்னப் பொட்டலம் வருகிறது, அதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் எவ்வளவு தண்ணீருக்கு என்று பின்பக்கம் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கரைத்ததை மூடிவைத்து 24 மணி நேரம் கொடுக்கலாம். அதற்குமேல் மிஞ்சினால்தான் ஊற்ற வேண்டும்.

நான் இந்தப் பேச்சைப் பேசிப் பேசியே வேலையை முடித்தவள். எனக்கு உறுத்துவது வேறொரு வீடு. குழந்தைக்கு ஒன்றரை வயது. காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது, வாந்தியும் இருக்கிறது. அம்மா பொட்டலத்தைச் சரியாகத்தான் கரைத்திருந்தாள். பிள்ளை தாகத்தில் அரை டம்ளரை ஒரே மூச்சில் குடித்தது, அப்படியே கக்கியது. "பாருங்க சிஸ்டர், தங்க மாட்டேங்குது" என்று பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு டீஸ்பூன், இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று. இடையில் பிள்ளை டம்ளருக்குக் கை நீட்டும், அழும். கொடுத்துவிடக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக ஊட்டினோம். மறுபடி கக்கவில்லை. பொழுது சாய ஒன்றுக்குப் போனது, அழுதபோது கண்ணீரும் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை வெளிக்குப் போனதும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர்வரை கொடுக்கச் சொன்னேன். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அரையிலிருந்து ஒரு டம்ளர். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது.

மறுநாளும் பேதி நிற்கவில்லை என்று மாமியார் என்னோடு சண்டை. இந்தத் தண்ணீர் பேதியை நிறுத்தாது, போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் பொட்டலத்தை மட்டும் கையில் கொடுத்தால் இரண்டாம் நாள் அது குப்பைக்குப் போய்விடும்.

உசிலம்பட்டிக்காரி

எங்கள் கூட்டத்தில் பேச வந்த பெண் சின்னப்பிள்ளை, கல்யாணம்கூட ஆகாதவள். "குடல் தட்டப் போகாதீங்க" என்று ஆரம்பித்தாள். என் அக்கா மகனுக்குக் குடலேற்றம் என்று பாட்டி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட்டார், மறுநாளே சரியானது. இதை அங்கேயே எழுந்து சொன்னேன். அவளுக்குப் பதில் வரவில்லை. அனுபவத்துக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், செல்லம்பட்டி பக்கம்

பல பேதி தானாகவே நிற்கும், அம்மா. நீவினாலும் நிற்கும், நீவாவிட்டாலும் நிற்கும். என் பயம் எண்ணெயைப் பற்றியது இல்லை, போகிற நேரத்தைப் பற்றியது. பாட்டி வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் இருக்காது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே போனதையும் குடலேற்றம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது நீர் வற்றியதற்கான அடையாளம். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள், உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ, பிள்ளை துவண்டு குடிக்கவே மாட்டேன் என்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியிலும் விழுங்க முடிகிற பிள்ளைக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

உசிலம்பட்டிக்காரி

பாட்டி தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீங்கள் பார்த்த பாட்டி வேறு.

சமயநல்லூர்

என் மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. போன வாரம் பேதி. ஓ.ஆர்.எஸ்-ஸில் குளுக்கோஸ் இருக்கிறதே, கொடுக்கலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

திருமங்கலம் தகப்பன்

அக்கா, இங்கே பேச்சு குழந்தைகளைப் பற்றி. பெரியவருக்கு மாத்திரை எழுதிய டாக்டரிடமே கேளுங்கள்.

சோழவந்தான் டீச்சர்

எங்கள் ஊரில் பேச்சு முடிந்ததும் ஒரு பெண் பையிலிருந்து அட்டைப்பெட்டிப் பானம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ் கேட்டதற்கு அதைத்தான் கொடுத்தார்களாம். ஆப்பிள் ருசி, பெயரிலேயே ஓ.ஆர்.எஸ் எழுத்து. பிள்ளை ஆசையாகக் குடித்தது, பேதி இன்னும் கூடியது. பேச வந்தவர் பெட்டியைத் திருப்பி, சர்க்கரை அளவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். சரியான பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சர்க்கரை அதற்குமேல் எகிறினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. விலையைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வாடிப்பட்டி

ஜிங்க் மாத்திரையை யாரும் பேசவில்லையே. பொட்டலத்தோடு 14 மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பேதி நின்றது, நிறுத்திவிட்டோம். நின்ற பிறகும் எதற்கு மாத்திரை?

ஓய்வுபெற்ற நர்ஸ், செல்லம்பட்டி பக்கம்

குடலின் உள்தோல் ஆற நாளாகும். 14 நாளும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பேதி வருவது குறையும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இரண்டிலிருந்து ஆறு மாதக் குழந்தைக்குப் பாதி. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டால் கரைந்துவிடும்.

வாடிப்பட்டி

கரைத்துத்தான் கொடுத்தோம், துப்பிவிடுகிறான். அரிசிக்கஞ்சியில் கலக்கலாமா? எங்கள் ஊர் நர்ஸ் கூடாது என்கிறார், அங்கன்வாடி டீச்சர் தாராளமாகக் கலக்கலாம் என்கிறார்.