பதவி உயர்வு வேண்டாம் என்று சொன்னவர்கள் எழுதுங்கள்: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கதை

சிப்காட் சூப்பர்வைசர்:

மேலே போகும் வாய்ப்பு வந்து, அதைக் கொடுத்தவர் மனம் நோகாமல் மறுத்த அனுபவம் இங்கே யாருக்காவது இருக்கும். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். கட்டிங்கிலிருந்து வரும் தோல் துண்டுகளை அப்பராகத் தைத்து லாஸ்டிங்குக்கு அனுப்புவது எங்கள் லைன். போன வருடம் கம்பெனி திண்டிவனம் பக்கம் புது யூனிட் ஆரம்பித்தது. அதற்கு உற்பத்தி மேலாளராக என் பெயரை எங்கள் ஃபேக்டரி மேனேஜர் கொடுத்திருக்கிறார். ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிட்டு, "ஏம்பா, எம்.டி.கிட்ட உன் பேரத்தான் சொல்லிருக்கேன்" என்றார். சம்பளமும் நன்றாகவே ஏறும்.

என் மனைவி கிராம சுகாதார செவிலியர். அரசு வேலை. மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் வாங்குவது எங்கள் கையிலோ கம்பெனி கையிலோ இல்லை. தினம் போய்வரும் தூரமும் இல்லை. மறுப்பது என்று வீட்டில் அன்றைக்கே முடிவாகிவிட்டது. எப்படிச் சொல்வது என்பதில்தான் மண்டை காய்ந்தது.

அந்த அறையிலேயே பதில் சொல்லவில்லை. "என்னை நினைச்சதுக்கு ரொம்ப நன்றி சார், வீட்ல பேசிட்டு புதன்கிழமை சொல்றேன்" என்று நாளைக் குறிப்பிட்டுச் சொன்னேன். "யோசிச்சு சொல்றேன்" என்று மொட்டையாக விட்டிருந்தால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்லியிருப்பார். கூடவே, ஆர்டர் டைப் ஆகிவிட்டதா என்றும் கேட்டேன். இல்லை, என் சம்மதம் கிடைத்த பிறகுதான் என்றார். அது பெரிய நிம்மதி.

புதன்கிழமை எச்.ஆர். பக்கம் போகாமல் நேராக அவரிடமே போனேன். என் பெயரைச் சொன்னவர் அவர். இன்னொருவர் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது. காரணம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், மனைவியின் வேலை. பையன் பிளஸ் டூ படிப்பதும் உண்மைதான், வாலாஜாவில் பாதி கட்டிய வீடு நிற்பதும் உண்மைதான். அதையெல்லாம் எடுத்திருந்தால் பள்ளிக்கு ஒரு வழி, வீட்டுக்கு ஒரு லோன் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்து வைத்திருப்பார். கடைசியில் நான் சாக்கு சொல்கிற ஆள் மாதிரி நின்றிருப்பேன். அவரால் தீர்க்க முடியாத காரணத்தை மட்டும் சொன்னதால் பேரம் அங்கேயே நின்றது.

அவர் முகம் வாடியது உண்மை. "மேல நான் இன்னாபா சொல்றது?" என்றார். அவர் கவலை அதுதான். அதனால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. புது யூனிட்டில் முதல் லைன் ஓடத் தொடங்கும்போது இரண்டு வாரம் வந்து தங்கி, ஆட்களுக்கு மெஷின் செட்டிங்கும் தரம் பார்ப்பதும் சொல்லித் தருகிறேன் என்றேன். அதைத்தான் மேலே கொண்டுபோனார். அப்புறம் அவர் கேட்டபடி எழுத்திலும் கொடுத்தேன்:

"ஐயா, புதிய யூனிட்டின் உற்பத்தி மேலாளர் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி. ஸ்டிச்சிங் லைனில் எனக்குச் சுதந்திரம் கொடுத்து வேலை கற்றுத் தந்ததும் தாங்களே. என் மனைவியின் அரசுப் பணி காரணமாக இந்தப் பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். தற்போதைய பொறுப்பிலேயே தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். புதிய யூனிட்டின் முதல் லைன் தொடங்கும்போது இரண்டு வாரம் பயிற்சி அளிக்கத் தயாராக உள்ளேன்."

இவ்வளவுதான் கடிதம்.

ஓய்வு பெற்ற பர்சனல் ஆபீசர், சத்துவாச்சாரி:

தம்பி, தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, கடிதத்தில் ஒரு விஷயம் சரியாக விழுந்திருக்கிறது. "பதவி உயர்வை ஏற்க இயலாது" என்று எழுதியிருக்கிறீர்கள். "திண்டிவனம் போக முடியாது" என்று எழுதவில்லை.

பதவி உயர்வு என்பது கம்பெனி நீட்டுவது, வேண்டாம் என்று சொல்லலாம். ஊர் மாறுதல் அப்படி இல்லை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள், கம்பெனியின் எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி இருந்தால், மாறுதலுக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது ஆணையை மீறியதாகப் போய்விடும். மெமோ வரும். இரண்டும் சேர்ந்து வரும்போது பதவி உயர்வை மட்டும் மறுத்தால், அதோடு ஒட்டிய மாறுதலும் சாதாரணமாகத் தானே விழுந்துவிடும்.

ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் கதையே வேறு. அப்போது மறுப்புக் கடிதம் கொடுக்கக் கூடாது. ஆணையை மறுபரிசீலனை செய்யும்படி வேண்டுகோளாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரும்வரை வேலைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. என் சர்வீஸில் நல்ல நல்ல ஆட்கள் இங்கேதான் மாட்டினார்கள். மறுத்ததில் தப்பில்லை, லீவு சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜோலார்பேட்டை:

ரயில்வேயில் இவ்வளவு தலைவலி இல்லைங்க. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், ஒரு வருடம் என் பெயரை எடுக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நன்றியெல்லாம் எழுதவில்லை, யாருக்கு எழுதுவது? சீனியாரிட்டிப்படி வந்தது, யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. சம்பளத்துக்கும் ஒரு பாதிப்பும் இல்லை.

தபால்காரர் மகன், நானும் தபால்தான்:

ஒரு வருடக் கணக்கு சரி. மத்திய அரசில் 1981லேயே வந்த உத்தரவு அது. ஆனால் அவ்வளவோடு முடியவில்லை. அந்த இடைவெளியில் பதவி உயர்வு பெறும் ஜூனியர்கள் அந்தப் பதவியில் உங்களுக்கு மேலே போய்விடுவார்கள்.

சம்பளத்துக்குப் பாதிப்பில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. பதவி உயர்வே இல்லாமல் தேங்கி நிற்பவர்களுக்கு 10, 20, 30 வருடத்தில் எம்.ஏ.சி.பி. என்று ஒரு சம்பள உயர்வு கொடுக்கிறார்களே, அது இடிக்கும். அந்தத் தகுதி வருவதற்கு முன்னாலேயே பதவி உயர்வை மறுத்திருந்தால், "வாய்ப்பு வந்தது, நீதான் எடுக்கவில்லை, தேங்கியதாகக் கணக்கில்லை" என்று அந்த உயர்வை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே வாங்கியதைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் மறுபடி பதவி உயர்வுக்குச் சம்மதிக்கும்வரை அடுத்தது கிடையாது. நீங்கள் மறுத்தது எந்த வருடத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் சொல்லும் காரணத்தை அதிகாரி ஏற்க வேண்டும். ஏற்காமல் போகச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதனால் "சொந்தக் காரணம்" என்று இரண்டு வார்த்தையில் முடிக்காமல் என்ன காரணம் என்று எழுதுவது நல்லது.

ஜோலார்பேட்டை:

எனக்கு 20 முடிந்து வாங்கியாயிற்று. அதனால் தெரியாமல் போயிருக்கும். 30க்கு முன்னால் ஆபீஸில் விசாரிக்கிறேன்.

திமிரி டீச்சர்:

எனக்கும் தலைமை ஆசிரியர் கலந்தாய்வில் இதே நிலைமைதான். இருந்த காலியிடமெல்லாம் மலைப்பக்கம். உரிமைவிடல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது வேலூர் பக்கம் ஒரு இடம் காலியாகிறது என்று கேள்விப்படுகிறேன். சிப்காட் தம்பி எழுதியதுபோல நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் அந்த இடம் எனக்குக் கிடைக்குமா?

ஓய்வு பெற்ற பர்சனல் ஆபீசர், சத்துவாச்சாரி:

அம்மா, அவர் கடிதம் வேண்டாம் என்று சொல்வதற்கு. உங்களுக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையில் பேனல் என்கிற பதவி உயர்வுப் பட்டியலும் கலந்தாய்வும்தான் பேசும், கடிதத்தில் உள்ள மரியாதை பேசாது. உரிமைவிடல் எழுதிய அன்று உங்கள் பெயர் அந்தப் பேனலில் என்ன ஆனது என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் டேனரி:

சூப்பர்வைசர் அண்ணே, அந்த "இரண்டு வாரம் வருகிறேன்" எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் அப்படித்தான் வாய்விட்டேன். ஃபினிஷிங் பிரிவுக்கு மேனேஜராக வேறு யூனிட்டுக்குக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டு, ஆள் கிடைக்கும்வரை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆள் கிடைக்கவே இல்லை. ஒரு சீசன் முழுக்க பஸ்ஸில் போய்வந்தேன். மேனேஜர் வேலை செய்தேன், சூப்பர்வைசர் சம்பளம் வாங்கினேன். நன்றிக்கடன் என்று நினைத்துச் சொன்னது என் தலையிலேயே விடிந்தது.

சிப்காட் சூப்பர்வைசர்:

அதனால்தான் "ஆள் கிடைக்கும்வரை" என்று போடாமல் இரண்டு வாரம், முதல் லைன், பயிற்சி என்று எல்லை போட்டு எழுதினேன். உற்பத்திக் கணக்குக்கு நான் பொறுப்பு இல்லை என்பதையும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் பதினைந்தாம் நாள் "இன்னும் ஒரு வாரம்" என்று கேட்கத்தான் செய்தார்கள். ஒத்துக்கொண்டேன். நாலாவது வாரம் கேட்டபோது ஃபேக்டரி மேனேஜரே, இங்கே டெஸ்பாட்ச் நிற்கிறது என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

காட்பாடி, வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம்:

எல்லாரும் விதியைப் பேசுகிறீர்கள். அந்த இடத்துக்குப் போனது யார்? உங்கள் பெயர் மேலே இப்போது என்ன ஆகிவிட்டது? எனக்கும் சென்னைக்கு டீம் லீடாகப் போகச் சொல்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

சிப்காட் சூப்பர்வைசர்:

போனது என்னிடம் வேலை கற்ற பையன். "வேற யாரு இருக்காங்க?" என்று மேனேஜர் கேட்டபோது நான்தான் அவன் பெயரைச் சொன்னேன். அவனிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். இப்போது மாதாந்திரக் கூட்டத்தில் அவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறான். என்னை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் என் லைனின் ரிஜெக்‌ஷன் கணக்கை அவன் வாசிக்கும்போது கொஞ்சம் உறுத்தும், பொய் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் ஒரு மாதம் அளவாகப் பேசினார். அப்புறம் சரியாகிவிட்டது. எம்.டி. என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த வருட இன்கிரிமென்ட் எப்போதும் போலத்தான் வந்தது.

ஓய்வு பெற்ற பர்சனல் ஆபீசர், சத்துவாச்சாரி:

வேறு ஆள் பெயரைச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். அவன் சரியாகச் செய்யாவிட்டால் அந்தப் பழியும் உங்களுக்கு வரும். அவர்கள் ஆளை அவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

காட்பாடித் தம்பி, மெயில் வந்துவிட்டதா, இல்லை வாய்மொழியாகத்தான் கேட்டார்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

காட்பாடி, வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம்:

வாய்மொழிதான் சார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எனக்கு ஆள் மேய்க்கப் பிடிக்காது. அதைச் சொல்லலாமா?

சிப்காட் சூப்பர்வைசர்:

சொல்லலாம், ஆனால் பிடிக்காது என்று நிறுத்தாதீர்கள். எந்த வேலையில் இருந்தால் கம்பெனிக்கு உங்களால் லாபம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டேனரி அண்ணன் என்ன சொல்கிறார்?

ஆம்பூர் டேனரி:

நான் சொல்வது ஒன்றுதான், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிடு, அவர்களும் வேறு ஆள் பார்க்க வேண்டும் இல்லையா.