28 மூட்டை மைக்ரோ கான்கிரீட் 1.9 மீட்டரிலேயே தீர்ந்துவிட்டது: கணக்கில் எங்கே தவறு?

இளம்பொறியாளர்
300 × 300 மில்லிமீட்டர் தூண் ஒன்றைப் பலப்படுத்தச் சுற்றிலும் 100 மில்லிமீட்டர் தடிமனில் கம்பி கட்டிக் கலவை ஊற்றி ஜாக்கெட் போடுகிறோம். தரையிலிருந்து பீமின் அடிப்பகுதி வரை உயரம் 3 மீட்டர். சுற்றளவு 1.2, தடிமன் 0.1, உயரம் 3, பெருக்கினால் 0.36 கனமீட்டர், அதாவது 360 லிட்டர். 25 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து சுமார் 13 லிட்டர் கலவை கிடைக்கும் என்று தயாரிப்பாளரின் தாளில் இருந்ததால் 28 மூட்டை வாங்கினேன். சல்லி எதுவும் சேர்க்கவில்லை.

நேற்று ஊற்றினோம். கடைசி மூட்டையும் தீர்ந்தபோது கலவை 1.9 மீட்டரில் நின்றது. பலகை அடைப்பில் பெரிய கசிவு இல்லை. இன்னும் மூன்று தூண்கள் இருக்கின்றன. பீப்பாயில் தண்ணீரைச் சரியாக அளக்கவில்லையோ என்று மேஸ்திரி மேல் சந்தேகப்பட்டேன். இப்போது என் மேலேயே சந்தேகம் வருகிறது. கம்பிக் கணக்கையும் யாராவது பாருங்கள்: 16 மில்லிமீட்டர் கம்பி 8, ஒவ்வொன்றும் 3 மீட்டர், மொத்தம் 38 கிலோ.

மாடிவீடு
எங்கள் வீட்டுத் தூணிலும் விரிசல் இருந்தது. மேலே பூச்சு பூசி வண்ணம் அடித்தோம், இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு மூட்டை தேவையா?

சல்லிக்கணக்கு
மூலைகளை விட்டுவிட்டீர்கள். பழைய தூணின் சுற்றளவை எடுத்தால் நான்கு மூலையிலும் 100 × 100 சதுரம் கணக்கில் வராது. வெளிச் சுற்றளவை எடுங்கள்: 2.0 × 0.1 × 3 = 0.60 கனமீட்டர். நான் எப்போதும் இப்படித்தான் போடுகிறேன், ஒரு நாளும் குறைந்ததில்லை.

பழையகை
குறையாது, ஏனென்றால் நீங்கள் மூலைகளை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். சுற்றளவை மறந்துவிட்டு வெளிப்பரப்பிலிருந்து உள்பரப்பைக் கழிப்பதுதான் சுலபம்: 0.5 × 0.5 − 0.3 × 0.3 = 0.16 சதுரமீட்டர். 3 மீட்டருக்கு 0.48 கனமீட்டர்.

ஆனால் இளம்பொறியாளர் சொன்ன உயரம் இதற்கும் ஒத்துவரவில்லை. 28 மூட்டை என்றால் 364 லிட்டர். மீட்டருக்கு 160 லிட்டர் என்றால் 2.27 மீட்டர் வரை ஏறியிருக்க வேண்டும். 1.9இல் நின்றிருக்கிறது என்றால் மீட்டருக்கு 190 லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறது. மேஸ்திரியை விடுங்கள், தண்ணீர் கூடினால் கலவை கொஞ்சம் பெருகுமே தவிரக் குறையாது. ஒன்று கேட்கிறேன்: பழைய தூணை எவ்வளவு கொத்தினீர்கள்?

இளம்பொறியாளர்
கம்பி துருப்பிடித்து, அதை மூடியிருக்கும் கான்கிரீட் கவர் முழுவதும் உப்பியிருந்தது. சுத்தியலால் தட்டினால் பொத்தென்று கேட்டது. நான்கு பக்கமும் சுமார் 25 மில்லிமீட்டர், கம்பி தெரியும் வரை எடுத்துவிட்டோம்.

பழையகை
அங்கேதான் இருக்கிறது. உங்கள் உள்தூண் இப்போது 300 இல்லை, 250.

`0.50 × 0.50 − 0.25 × 0.25 = 0.1875`

மீட்டருக்கு 187.5 லிட்டர், 3 மீட்டருக்கு 562 லிட்டர். 364ஐ 187.5ஆல் வகுத்தால் 1.94. நீங்கள் அளந்தது 1.9. தரையில் சிந்தியதும் பீப்பாயில் ஒட்டியதும்தான் மீதி. புதிய கம்பிகள் பிடிக்கும் இடம் சுமார் எட்டு லிட்டர்தான், அதை நான் கழிப்பதில்லை.

வரைபடத்தில் இருக்கும் அளவை வைத்து மூட்டை வாங்காதீர்கள். கொத்தி முடித்த பிறகு தூணை மூன்று உயரங்களில் அளந்து, அதன் பிறகு வாங்குங்கள்.

சல்லிக்கணக்கு
என் 0.60 கடைசியில் 0.56க்குப் பக்கத்தில்தானே வந்தது!

பழையகை
வந்தது, தற்செயலாக. கவர் நன்றாக இருந்து, மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பாக்கிய தூண் என்றால் 120 லிட்டர் அதிகம் வாங்கியிருப்பீர்கள். அது ஒன்பது மூட்டை.

இளம்பொறியாளருக்கு இன்னொன்று. உங்கள் ஜாக்கெட்டின் உண்மைத் தடிமன் இப்போது 125. இவ்வளவு தடிமனில் சல்லி இல்லாத கலவை சூடேறிச் சுருங்கும், மெல்லிய விரிசல் வரலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்தத் தடிமனுக்கு 10 மில்லிமீட்டருக்குக் குறைவான கழுவிய சல்லி சேர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் தாளில் அனுமதித்த அளவைப் பாருங்கள். மூட்டைக்கு 12.5 கிலோ என்று வைத்தால், அந்தச் சல்லி 4.7 லிட்டர் இடம் பிடிக்கும். மூட்டைக்கு 13 லிட்டர் 17.7 ஆகிவிடும். அடுத்த தூண்களும் இதே போல் கொத்தப்படும் என்றால், 562உடன் 5 சதவீதம் சேர்த்து 590 லிட்டர். சல்லியோடு 34 மூட்டை, இல்லாமல் 46.

நின்றுபோன தூணுக்கு மீதி 1.1 மீட்டர், 5 சதவீதத்தோடு 217 லிட்டர். சல்லியோடு 13 மூட்டை. ஊற்றும் முன் பழைய கலவையின் மேல்முகத்தைக் கொத்தி, பால்போல் படிந்த மெல்லிய அடுக்கை நீக்கி, நன்றாக நனைத்துவிட்டுத் தேங்கிய தண்ணீரைத் துடைத்தெடுங்கள்.

தட்டிப்பார்
மேல்முனையில் கவனம். எங்கள் வேலையில் பீமுக்கு அடியில் பக்கவாட்டுப் புனல் வழியாக ஊற்றினோம். நிரம்பிவிட்டது போலத்தான் தெரிந்தது. பலகையைப் பிரித்துத் தட்டினால் கடைசி ஒரு சாண் முழுக்க வெற்றொலி. காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் வழி விடவில்லை. பிறகு துளையிட்டுக் குழம்பு செலுத்த வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் புனலின் வாயைப் பீமின் அடிப்பகுதியைவிட உயரத்தில் வைக்கிறோம், எதிர்ப்பக்கத்துத் துளையில் கலவை வழிந்தால்தான் நிறுத்துகிறோம்.

இளம்பொறியாளர்
கொத்தியதால் இவ்வளவு போகும் என்று நினைக்கவேயில்லை. கம்பி?

பழையகை
3 மீட்டரில் வெட்டினால் கம்பி இரண்டு முனையிலும் எதையும் பிடிக்காமல் நிற்கும். கீழே அடித்தளத்தில் துளையிட்டு வேதிப் பசையில் 0.25 மீட்டர், மேலே பீமின் பக்கவாட்டில் தளத்தைத் துளைத்து 0.45, அடுத்த மாடியின் கம்பியோடு இணைக்க ஒட்டுநீளம் 0.8. மொத்தம் 4.5 மீட்டர். எட்டுக்கு 36 மீட்டர், மீட்டருக்கு 1.58 கிலோ வீதம் 57 கிலோ.

எட்டையும் மூலைக்கு ஒன்று, பக்கத்துக்கு நடுவில் ஒன்று என்று பிரித்துவைத்தால் நடுக்கம்பி பீமில் முட்டும். மூலைக்கு இரண்டாக வையுங்கள்.

வளையத்தை முழுதாக வளைத்துக்கொண்டு வந்தால் நிற்கிற தூணில் மாட்ட முடியாது. இரண்டு எல் வடிவத் துண்டு, நான்கு கொக்கி. ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர். 8 மில்லிமீட்டர் கம்பி, 100 இடைவெளியில் 31 வளையம், 24.5 கிலோ. பழைய தூணோடு பிணைக்கும் கொக்கிக் கம்பிகள் தனி.

சல்லிக்கணக்கு
மேல்மாடியில் ஜாக்கெட் இல்லை என்றால் 0.8 எதற்கு? தளத்துக்கு அடியிலேயே நிறுத்தலாமே.

பழையகை
நிறுத்தலாமா என்பது சுமை எப்படி உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தால் போதுமா, சுமையையும் தாங்க வேண்டுமா? அதை வடிவமைப்பாளர்தான் சொல்ல வேண்டும். இதேபோல் உங்கள் 3 மீட்டர் தரையிலிருந்து தொடங்குகிறது. அடித்தளம் தரைக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

இளம்பொறியாளர்
சரியாகத் தெரியவில்லை, தோண்டவில்லை. வரைபடத்தில் 0.9 மீட்டர்.

பழையகை
அப்படியானால் இந்தக் கணக்கு எல்லாம் மேல்பகுதிக்கு மட்டும்தான். ஜாக்கெட் அடித்தளம் வரை இறங்க வேண்டும் என்றால் தூணுக்கு இன்னும் 170 லிட்டர். கம்பியும் அதே 0.9 நீளும்.

அதைவிட அவசரமானது ஒன்று: நான்கு பக்கமும் 25 கொத்தியதில் தூணின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. கொத்துவதற்கு முன் பீம்களுக்கு முட்டு கொடுத்தீர்களா?

இளம்பொறியாளர்
முதல் தூணுக்குக் கொடுத்தோம். இரண்டாவதில் ஒரு பக்கம் மட்டும் கொத்தியிருக்கிறார்கள், முட்டு இன்னும் வரவில்லை. இப்போதே நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன்.