மேடை நடனம் எடுக்க: ஒரு அங்குல சென்சார் போனா, தொடக்கநிலை கேமராவா?

மலர்விழி:
மகள் மேடையில் நடனம் ஆடுகிறாள். ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து போனில் 3x வைத்து எடுக்கிறேன். முகம் குழைந்துபோய், கை கால் இழுபட்டு வருகிறது. ஒரு அங்குல சென்சார் உள்ள போனுக்கு மாறலாமா, இல்லை தொடக்கநிலை கேமரா வாங்கலாமா?

ராசு:
கேமராதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு அங்குலம் என்பது பெயருக்குத்தான். அளந்தால் 13.2 × 8.8 மி.மீ. பழைய வீடியோ குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொடக்கநிலை கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பு மூன்று மடங்கு, ஒளியும் மூன்று மடங்கு. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸே போதும்.

நவீன்:
அந்தக் கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் f/5.6 தானே ராசு? போனில் f/1.8 கிடைக்கிறது, எண் குறைந்தால் துவாரம் பெரிது. பெரிய தொட்டி வாங்கி ஒல்லிக் குழாயில் தண்ணீர் பிடிக்கச் சொல்கிறீர்கள். அதோடு, போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து, படத்தில் புள்ளி புள்ளியாய்த் தெரியும் இரைச்சலைக் குறைக்கிறது. தொடக்கநிலை கேமரா பெரும்பாலும் தானாக அதைச் செய்யாது.

சுந்தரம்:
நான் மலையேற்றத்துக்குப் போனை மட்டும்தான் கொண்டுபோகிறேன். விடியற்காலைப் படங்களைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறேன், கேமரா வைத்திருப்பவர்களே கேட்கிறார்கள். போன் போதும் அம்மா.

காயத்ரி:
சுந்தரம் ஐயா, மலை ஆடாது. இவர் மகள் ஆடுகிறாள், சிக்கலே அங்கேதான். நவீன் சொல்லும் படச்சேர்ப்பு அசையாத காட்சிக்கு அருமையானது. ஆள் நகர்ந்தால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அப்போது போன் பெரும்பாலும் ஒரே படத்தை நம்பி, இரைச்சலை மென்பொருளால் துடைக்கும். முகம் குழைவது அதனால்.

ராசு, சென்சார் கணக்கு சரி, முடிவு பாதிதான் சரி. ஒரே காட்சியை ஒரே கோணத்தில் எடுக்கும்போது உள்ளே வரும் ஒளியை முடிவுசெய்வது லென்ஸின் துவாரம். 50 மி.மீ. குவியத்தூரத்தில் f/5.6 என்றால் துவாரம் சுமார் 9 மி.மீ. அதே 50 மி.மீ. ஒற்றைக்குவிய லென்ஸ் f/1.8 என்றால் 28 மி.மீ. கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி. கிட் லென்ஸில் 6400 ஐஎஸ்ஓ உணர்திறன் கேட்கிற அரங்கில் இதற்கு 650 போதும், ஷட்டரை 1/250 நொடியிலேயே வைத்துக்கொண்டு. ஏபிஎஸ்-சி கேமராவில் இந்த லென்ஸின் கோணமும் ஏறக்குறைய உங்கள் 3x போலத்தான் இருக்கும்.

போன் விளம்பரத்தில் வரும் ஒரு அங்குலம் பொதுவாக அகலக் கோணப் பிரதான கேமராவுக்கு மட்டும். 3x-க்கு டெலி என்ற வேறு லென்ஸ், அதன் பின்னால் பெரும்பாலும் சிறிய சென்சார். மலர்விழி, மங்கலான அறையில் 3x வைத்து, பின்பக்கத்து டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள்.

மலர்விழி:
மூடினேன். திரையில் படம் அப்படியே தெரிகிறது! பழைய நடனப் படத்தின் விவரத்தைத் திறந்தால் ஷட்டர் 1/50 என்று இருக்கிறது.

காயத்ரி:
அப்படியானால் இருட்டில் உங்கள் போன் டெலி லென்ஸை ஒதுக்கிவிட்டு, பிரதான சென்சாரின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. 3x வெட்டு என்றால் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம். புதுப் போனும் இதையே செய்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு அங்குலத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். கை இழுபட்டதற்கு அந்த 1/50 தான் காரணம். சாதாரண அசைவுக்கு 1/250 வேண்டும், குதித்தால் 1/500.

ராசு:
சரி, 50 f/1.8 சேர்த்தே வாங்கட்டும். கேமராதானே கடைசியில்?

நவீன்:
அந்த f/1.8-ல் ஐந்து மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் முக்கால் மீட்டர்கூட இருக்காது. குழு நடனம் என்றால் பின்வரிசை மங்கும். ஜூமும் கிடையாது, மகள் மேடையின் ஓரத்துக்குப் போனால் இருக்கையை விட்டு எழுந்து ஓடுவாரா? அன்றாடம் கையில் இருப்பது போன்தான்.

காயத்ரி:
குழு நடனத்துக்குத் துவாரத்தை f/2.8 வரை மூடலாம், அப்போதும் கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளி. ஜூம் இல்லாதது குறைதான், மறுக்கவில்லை. மற்ற நாட்களில் போன் போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது மேடையை. பழைய கேமரா உடல் ஒன்றை எடுத்துக்கொண்டு பணத்தை லென்ஸில் போடச் சொல்வேன். வாங்குமுன் அசையும் ஆள்மீது குவியம் ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் சோதித்துவிடுங்கள். சில பழைய உடல்கள் அங்கே திணறும்.

மலர்விழி:
தனி நடனம்தான், மேடையும் சிறியது. வீடியோவும் வேண்டுமே, அதற்கும் இதே லென்ஸ் ஒத்துவருமா?

நவீன்:
வீடியோவுக்குப் போனை முக்காலியில் வைத்துவிடுங்கள். காயத்ரி இதற்கும் ஒரு லென்ஸ் சொல்வார், பாருங்கள்.