பெட் ரெஸ்ட் நாளுக்கு 70 சதம், பிரசவ லீவுக்கு முழுச் சம்பளம்: ஈ.எஸ்.ஐ. கணக்கில் பார்த்த கேஸ்கள்

பல்லடம் பேரோல்

பனியன் கம்பெனிகளில் அடிக்கடி வரும் கேஸ் இது. ஆறாம் மாசத்துக்குள்ளேயே டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லிவிடுகிறார். ஈ.எஸ்.ஐ.யில் பிரசவ லீவு 26 வாரம், முழுச் சம்பளம். ஆனால் பிரசவத் தேதிக்கு 8 வாரம் முன்னால்தான் அது தொடங்க முடியும். அதற்கு முந்தின நாட்களுக்கு சிக்னஸ் கணக்கில் 70 சதம்தான் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதினால் மனு கிளை அலுவலகத்தில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு கேஸ். ஓவர்லாக் டெய்லர், பிரசவத் தேதி 2025 மே 20. பிப்ரவரி 1லிருந்து பெட் ரெஸ்ட். மே மாதத்துக்கு எடுக்கும் சம்பளக் கணக்கு 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் 150 நாள் வேலை, மொத்தம் 72,000 ரூபாய். ஒரு நாளைக்கு 480.

மே 20க்கு 8 வாரம் முன்னால் என்றால் மார்ச் 25. ஆகவே பிப்ரவரி 1 முதல் மார்ச் 24 வரை 52 நாள் சிக்னஸ். முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. மீதி 50 நாளுக்கு 336 வீதம் 16,800. மார்ச் 25லிருந்து 182 நாளுக்கு 480 வீதம் 87,360. அந்தப் பொண்ணுக்கு மெட்டர்னிட்டி முடிவது செப்டம்பர் 22. பிரசவம் ஒரு வாரம் முந்தி வந்தாலும் அந்த 182 குறையாது, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் அதிகமாகும், அவ்வளவுதான்.

சாமளாபுரம் சூப்பர்வைசர்

எங்களுக்குத் தெரிஞ்சு பிரசவத்துக்கும் 70 சதம்தானுங்க. மீதி 30ஐ கம்பெனி போடோணும். முதல் ரெண்டு நாள் எதுக்கும் கிடையாது.

பல்லடம் பேரோல்

70ம் ரெண்டு நாள் பிடிப்பும் சிக்னஸுக்குத்தானுங்க. மெட்டர்னிட்டிக்கு முதல் நாளிலிருந்தே முழுத் தொகை, அதை ஈ.எஸ்.ஐ. தான் கொடுக்கிறது. கம்பெனி எதையும் சேர்த்துப் போட வேண்டியதில்லை. கம்பெனியே முழுசாகக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு, அதாவது சம்பளம் 21,000ஐத் தாண்டியவர்களுக்கு. 2025 நவம்பர் வரைக்கும் அது 1961ஆம் வருடச் சட்டம்.

ஈரோட்டு டீச்சர்

எனக்கு 12 மாதம் முழுச் சம்பளத்தோட கொடுத்தாங்க. 26 வாரம்னு நீங்க சொல்றது தப்பு இல்லையா?

பல்லடம் பேரோல்

நீங்கள் அரசுப் பள்ளி என்று நினைக்கிறேன் டீச்சர். 2021லிருந்து தமிழக அரசு ஊழியர்களுக்கு 12 மாதம், சரிதான். பனியன் கம்பெனிக்கு அது வராது.

கோபி நர்ஸ்

ஒரு விசயம் யாரும் சொல்லல. கர்ப்பத்தினாலேயே வர்ற நோவுக்கு மெட்டர்னிட்டி ரேட்டிலேயே, அதாவது முழுச் சம்பளத்திலேயே, கூடுதலா ஒரு மாசம் உண்டு. பிரசவத்துக்கு அப்புறம் வர்றதுக்கு மட்டும்னு பல பேர் நினைக்கறாங்க. சட்டத்துல கர்ப்பம், பிரசவம், குறைமாசப் பிரசவம், கரு கலைதல் எல்லாமே இருக்கு.

அதனால சர்ட்டிஃபிகேட்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கோணும். "இடுப்பு வலி", "உடல் அசதி"ன்னு மட்டும் இருந்தா சாதாரண சிக்னஸாப் போயிடும். நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கு, கர்ப்பகால ரத்த அழுத்தம், குறைமாச வலின்னு உண்மையான காரணத்தைக் கர்ப்பத்தோட சேர்த்து எழுதியிருந்தா அந்த ஒரு மாசம் கேக்கலாம். இல்லாத காரணத்தை எழுதச் சொல்லக் கூடாது. இருக்கறதை முழுசா எழுதச் சொன்னாப் போதும்.

பல்லடம் பேரோல்

சரியான இடத்தைப் பிடிச்சீங்க. மேலே சொன்ன கேஸிலேயே போட்டுப் பார்ப்போம். பிப்ரவரி முழுசும், 28 நாள், 480 வீதம் 13,440. மார்ச் 1 முதல் 24 வரை சிக்னஸ். அதில் 2 நாள் கழித்தாலும் 22 நாளுக்கு 336 வீதம் 7,392. ஆக 20,832. முதல் கணக்கில் 16,800 தான் வந்தது. சர்ட்டிஃபிகேட்டில் ஒரு வரி 4,032 ரூபாயைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அந்த ஒரு மாதத்தை முன்னாலேயே எடுத்தால் பிறகு தையல் பிரிந்தாலோ வேறு தொந்தரவு வந்தாலோ அது திரும்பக் கிடைக்காது. அப்போது சிக்னஸில் மீதி இருக்கும் நாளைத்தான் எடுக்கோணும். சிக்னஸ் என்பது அடுத்தடுத்த இரண்டு ஆறு மாதத்துக்குச் சேர்த்து 91 நாள்தான்.

மங்கலம் ரோடு செக்கிங்

எங்க பக்கத்து லைன் பொண்ணுக்கு மெட்டர்னிட்டி வந்துடுச்சு, ஆனா அதுக்கு முந்தின பெட் ரெஸ்ட் காசு வரலைங்க. 78 நாள் இல்லைன்னுட்டாங்க. தினமும் வந்த பொண்ணுங்க அது.

பல்லடம் பேரோல்

ரெண்டுக்கும் அளவு வேறுங்க. மெட்டர்னிட்டிக்கு முந்தின ரெண்டு ஆறு மாதத்தையும் சேர்த்து 70 நாள் பங்களிப்பு இருந்தால் போதும். சிக்னஸுக்குச் சம்பளக் கணக்கு எடுக்கும் அந்த ஒரே ஆறு மாதத்தில் 78 நாள் வேண்டும். ஒரு பக்கம் தேறி இன்னொரு பக்கம் தவறுவது இப்படித்தான்.

பீஸ் ரேட் லைனில் இது அதிகம். கான்ட்ராக்டர் வாரக் கூலியைச் சரியாகக் காட்டுவார், நாளை மட்டும் குறைத்து எழுதுவார். 110 நாள் வேலையை 74 என்று காட்டினால் மொத்தக் கூலியை 74ஆல் வகுப்பார்கள். அதனால் மெட்டர்னிட்டி ரேட் ஏறும், சிக்னஸ் மட்டும் அடியோடு போய்விடும். நாள் குறைந்தாலும் ரேட் நன்றாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. பெட் ரெஸ்ட் வரும்போதுதான் தெரிகிறது. அந்தப் பொண்ணின் ஈ.எஸ்.ஐ. கணக்கில் மாதாமாதம் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம். வருகைப் பதிவேடு வேறு மாதிரி இருந்தால் கம்பெனிதான் திருத்திக் கொடுக்கோணும்.

இன்னொன்று: சில கம்பெனிகளில் இரக்கப்பட்டு பெட் ரெஸ்ட் நாட்களில் சம்பளத்தோடு லீவு போட்டுக் கொடுக்கிறார்கள். சம்பளம் வந்த நாளுக்கு சிக்னஸ் பணம் கிடையாது. லீவு எந்த நாள், சிக்னஸ் எந்த நாள் என்று பதிவேட்டில் பிரித்து வைத்தால் பிரச்சனை இல்லை. ஒரே நாள் ரெண்டிலும் இருந்தால் மொத்த மனுவும் நிற்கும்.

கோபி நர்ஸ்

வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்தவங்களுக்கு இங்க சிக்கல். டிஸ்பென்சரி திருப்பூர்ல, பொண்ணு கோபிப் பக்கத்துல. தனியார் டாக்டர் சீட்டை மட்டும் கொண்டு போனா அப்படியே ஏத்துக்க மாட்டாங்க, அதைப் பாத்து முடிவு பண்ற உரிமை அவங்க கையில. கிளம்பறதுக்கு முன்னாடியே டிஸ்பென்சரியை இங்க மாத்திக்கிட்டா அலைச்சல் இல்லை. சர்ட்டிஃபிகேட்டுக்கு நடுவுல நாள் விட்டுப் போகாமப் பாத்துக்கங்க.

சாமளாபுரம் சூப்பர்வைசர்

அப்போ அந்த 8 வாரத்துக்குள்ளயும் மெட்டர்னிட்டி எடுக்காம சிக்னஸ்லயே இருந்து, 182 நாளையும் குழந்தை பொறந்த பிறகு வெச்சுக்கலாம்ல?

பல்லடம் பேரோல்

ஒரே நாளுக்கு ரெண்டும் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. எட்டு வாரம் என்பதும் மேல் வரம்புதான், அன்றைக்கே தொடங்கியாகோணும் என்றில்லை. அந்த வகையில் நீங்கள் சொல்வது நடக்கும். 91 நாளுக்குள் அடங்கோணும், 70 சதம் தான் வரும் என்பது மட்டும்தான்.

கோபி நர்ஸ்

எட்டு வாரத்துக்குள்ள போயிட்டா டிஸ்பென்சரி டாக்டர் சிக்னஸ் சீட்டே கொடுக்காம மெட்டர்னிட்டி எழுதிடறதைத்தான் நான் பாத்திருக்கேன். எழுதின பிறகு மாத்தினதையும் பாக்கல.

மங்கலம் ரோடு செக்கிங்

அந்தப் பொண்ணோட பதிவேட்டை நாளைக்குக் கேட்டுப் பாக்கறேனுங்க. 74ஆ 110ஆன்னு தெரிஞ்சா எழுதறேன்.