ஸ்டிரப் எண்ணிக்கை: 34-ஆ, 36-ஆ?

கட்டுமான வரைபடம் போடும் நண்பர்களே, ஒரு பீமில் சிக்கியிருக்கிறேன்.

அகலம் 230, ஆழம் 450 மி.மீ.; தூண் முகத்திலிருந்து தூண் முகம் வரை 4000. ஸ்டிரப் 8 மி.மீ. கம்பி. முதல் ரிங் தூண் முகத்திலிருந்து 50 தள்ளி. இரு முனைகளிலும் 1000 நீளத்துக்கு 100 இடைவெளி, நடுவில் மிச்சமுள்ள 1900-க்கு அதிகபட்சம் 150.

உடன் வேலை செய்பவர் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி பார் மார்க் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நீளத்தை இடைவெளியால் வகுத்து ஒன்று கூட்டியிருக்கிறார்: 11, 14, 11. ஆக 36. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1050-லும் 2950-லும் நிற்கும் ரிங்குகள் முனைப் பகுதியிலேயே எண்ணப்பட்டுவிட்டன. நடுவில் 13 இடைவெளி என்றால் புதிதாக வருபவை 12 மட்டுமே, மொத்தம் 34.

மூன்றும் ஒரே வடிவம், ஒரே அளவு. அதனால் ஒரே மார்க் போட்டு, இடைவெளியை மட்டும் நீள்வெட்டுப் படத்தில் பகுதிவாரியாக எழுதலாம் என்பது என் எண்ணம். பகுதிக்கொரு மார்க் இருந்தால்தான் கம்பி கட்டுபவர் குழம்பமாட்டார் என்கிறார் அவர். (ஒரே மாதிரி ரிங்கை மூன்று கட்டாகப் பிரித்து வைப்பதுதான் குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.)

வெட்டு நீளத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். கவர் 25 போக வெளியளவு 180, 400, சுற்றளவு 1160. இரண்டு கொக்கிக்கு 160 கூட்டி, வளைவுகளுக்கு 96 கழித்து 1224 என்று எழுதியிருக்கிறேன். அட்டவணையில் கழிக்காமல் 1320 என்று இருக்கிறது. நீங்கள் வளைவுக் கழிவை அட்டவணையிலேயே காட்டுவீர்களா, வளைப்பவரிடம் விட்டுவிடுவீர்களா?