பையைப் பிடுங்கிட்டுப் போனவங்க மறுநாள் போன் பண்ணி பணம் கேட்டாங்க: இது திருட்டா, வழிப்பறியா, மிரட்டிப் பறிப்பா?

செல்வி_திருப்பூர்:
வணக்கம். என் தம்பி ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான். போன வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சு பைக்ல வந்துட்டிருந்தப்போ, பைபாஸ் சர்வீஸ் ரோட்ல ரெண்டு பேர் வண்டியைக் குறுக்க விட்டு அட்ரஸ் கேட்டிருக்காங்க. இவன் பதில் சொல்லும்போதே, பின்னாடி உட்கார்ந்திருந்தவன் இவன் தோள்ல கிடந்த பையை இழுத்திருக்கான். இவன் வாரை விடல. தள்ளிவிட்டதுல கீழ விழுந்து முழங்கை தோல் உரிஞ்சிருச்சு. கம்பெனி லேப்டாப், டிகிரி சர்ட்டிபிகேட் ஒரிஜினல் எல்லாம் பையோட போச்சு.

மறுநாள் காலையில ஒரு கால். உள்ள இருந்த பயோடேட்டாவுல நம்பர் எடுத்திருப்பாங்க போல. “பத்தாயிரம் போடு, இல்லன்னா சர்ட்டிபிகேட்டைக் கொளுத்திருவோம். வீட்டு அட்ரஸும் இதுல இருக்கு, ஸ்டேஷனுக்குப் போனா காலை உடைப்போம்”னு சொல்லியிருக்காங்க. இவன் எங்ககிட்ட மூச்சு விடாம 5,000 ஜிபே பண்ணிட்டான். ஸ்டேஷன்ல புகார் வாங்கினதுக்கு ரசீதா சி.எஸ்.ஆர். கொடுத்தாங்க. அதுல “பை திருட்டு”னு மட்டும் இருக்கு. இது சரியா?

ராக்கெட் ரமேஷ்:
சரிதான். கத்தி காட்டினாதான் வழிப்பறி. இல்லன்னா வெறும் திருட்டு. லேப்டாப் கம்பெனியோடதுன்னா கம்பெனிதான் புகார் கொடுக்கணும். அந்த 5,000 உங்க தம்பி அவரே அனுப்பினது, அதைத் திருட்டுன்னு சொல்ல முடியாது.

வக்கீல் கோமதி:
ரமேஷ் சார் கடைசியா சொன்னது மட்டும் சரி, அதுவும் பாதிதான். ஒவ்வொண்ணா வரேன்.

திருட்டுக்குப் பொருள் யாருக்குச் சொந்தம்னு பார்க்கிறதில்ல, யார் கைவசம் இருந்ததுன்னுதான் பார்ப்பாங்க. லேப்டாப் உங்க தம்பி தோள்ல இருந்தது. அவர் சம்மதம் இல்லாம, அபகரிக்கணும்ங்கிற எண்ணத்தோட அதை நகர்த்தினாலே திருட்டு முடிஞ்சது. தம்பியே புகார்தாரரா இருக்கலாம். கம்பெனிகிட்ட ஒரு லெட்டர் வாங்கி வச்சா போதும்.

அந்தத் திருட்டு எப்போ வழிப்பறி ஆகுது? ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்தோட 309-ம் பிரிவு கத்தியைப் பத்தி எதுவுமே கேட்கல. திருடுறதுக்காகவோ, திருடும்போதோ, திருடினதைக் கொண்டுபோறதுக்காகவோ ஒருத்தரைக் காயப்படுத்தினா, சட்டவிரோதமா வழிமறிச்சா, இல்ல அந்த நொடியே அப்படிச் செஞ்சிருவாங்கன்னு பயமுறுத்தினா போதும். முயற்சி பண்ணினாலே போதும். முக்கியமானது அந்த “அதுக்காக”தான். வாரை விடுவிக்கத் தள்ளியிருந்தா அது வழிப்பறி. பையைக் கீழ போட்டுட்டு ஓடும்போது, துரத்துறவரைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தா திருட்டு தனி, காயம் தனி. அதனால கேட்கிறேன்: தள்ளினப்போ வார் யார் கையில இருந்தது? வண்டியைக் குறுக்க விட்டாங்களா, பக்கத்துல வந்து நின்னாங்களா?

மளிகை மணி:
எனக்கும் இதே பிரச்சினை. கோயில் திருவிழா நன்கொடைன்னு ஒருத்தன் வந்து 20,000 கேட்கிறான். தரலன்னா ஷட்டரைத் திறக்க விடமாட்டேங்கிறான். நான் இன்னும் தரல. நானும் வழிப்பறின்னு புகார் கொடுக்கலாமா?

வக்கீல் கோமதி:
உங்களோடது வழிப்பறி இல்லீங்க. மிரட்டிப் பறிப்புல, பயத்துனால நீங்களே பொருளை எடுத்துக் கொடுக்கணும். நீங்க இன்னும் கொடுக்கல, அதனால குற்றம் முழுசாகல. ஆனா பறிக்கிறதுக்காகப் பயமுறுத்தினதே 308(3)-ல தனிக் குற்றம், 2 வருஷம் வரை தண்டனை உண்டு. கொடுக்காததுனால கேஸ் இல்லன்னு நினைச்சுடாதீங்க.

செல்வி_திருப்பூர்:
மேடம், தம்பியை உட்காரவச்சுக் கேட்டேன். குறுக்க விடலையாம், பக்கத்துல வந்து பேசினதும் இவனே நிறுத்தினானாம். விழுந்ததும் தள்ளினதுனாலயா, வார் அறுந்த வேகத்துலயான்னு உறுதியா சொல்ல முடியலங்கிறான். நான்தான் கோபத்துல கொஞ்சம் சேர்த்து எழுதிட்டேன் போல. வார் அறுந்த துண்டு இவன் கையிலயே இருந்துச்சு.

வக்கீல் கோமதி:
கேட்டது நல்லதாப் போச்சு. புகார்ல அவர் இப்போ சொன்னது மட்டும் இருக்கட்டும். குறுக்கு விசாரணையில முதல்ல உடையிறது இந்த மாதிரி சேர்த்த வரிதான். அந்த வார்த் துண்டு முக்கியம், பத்திரமா வச்சிருந்து விசாரணை அதிகாரிகிட்ட ஒப்படைங்க.

தள்ளவே இல்ல, வெடுக்குன்னு பிடுங்கினாங்க அவ்வளவுதான்னு வச்சுக்கிட்டாலும் அது 304, அதாவது பறிப்பு. ஐ.பி.சி.யில இது தனிப் பிரிவா இல்ல, 2024 ஜூலை 1-ல இருந்து வந்தது. தண்டனை 3 வருஷம் வரை. வழிப்பறின்னா 10 வருஷம் வரை. சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள நெடுஞ்சாலையில நடந்தா 14 வரை போகலாம்.

என் வாதம் என்னன்னா, பைக்ல உட்கார்ந்திருக்கிறவர் தோள்ல மாட்டின பையை அப்படி இழுத்தா அவர் விழுவார்னு இழுக்கிறவனுக்குத் தெரியும். தெரிஞ்சு செஞ்சா அது வேணும்னு செஞ்ச காயம்தான். 309 கேட்டு வாதாடலாம்.

ஓய்வு எஸ்.ஐ.:
கோமதி மேடத்தோட இதுல எனக்கு ஒத்துப்போகல. செயின் அறுக்கும்போது கழுத்துல கீறல் விழும், அதுக்கெல்லாம் வழிப்பறி போட்டா 304-க்கு வேலையே இல்ல. இழுத்ததுல பட்ட காயம் வேற, பொருளை விடவைக்கிறதுக்காகக் கொடுத்த காயம் வேற. நான் ஐ.ஓ.வா இருந்தா முதல்ல 304 போட்டு, விசாரணையில தெளிவானா செக்‌ஷனை மாத்தி கோர்ட்டுக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்புவேன்.

பாப்பா, முதல்ல ஜி.எச்.ல முழங்கையைக் காட்டி, காயத்தைப் பதிவு பண்ற ஏ.ஆர். காப்பி போட்டு வாங்கு. தோல் உரிஞ்சது ஒரு வாரத்துல ஆறிப்போயிரும். அப்புறம் வழிப்பறியும் இல்ல, காயமும் இல்ல.

ராக்கெட் ரமேஷ்:
சரி, கத்தி விஷயத்தை விட்டுட்டேன். காலை உடைப்போம்னு மிரட்டி 5,000 வாங்கினாங்களே, அது ஏன் வழிப்பறி ஆகாது? பயம் இருந்துச்சு, பணமும் போச்சு.

வக்கீல் கோமதி:
நல்ல கேள்வி. மிரட்டிப் பறிப்பு வழிப்பறியா மாறணும்னா, மிரட்டுறவன் அப்போ எதிர்லயோ, பயமுறுத்துற அளவு பக்கத்துலயோ இருக்கணும். பயம் “இப்பவே அடிச்சிருவான்”ங்கிற பயமா இருக்கணும். அங்கேயே அப்பவே கொடுக்கவைக்கணும். ராத்திரி சர்வீஸ் ரோட்லயே “ஜிபே பண்ணு, இல்ல இங்கயே அடிப்பேன்”னு வாங்கியிருந்தா மூணும் இருக்கு. போன்ல சொன்னவன் எங்கேயோ இருந்தான், காலை உடைக்கிறது அப்புறம் எப்பவோ. அதனால 308(2), 7 வருஷம் வரை. ஐ.பி.சி. காலத்துல இதுக்கு 3 வருஷம்தான்.

சர்ட்டிபிகேட்டைக் கொளுத்துவோம்ங்கிறதும் மிரட்டல்தான், உடம்புக்கு மட்டும்தான் தீங்குன்னு இல்ல. ஜிபே போன அக்கவுண்ட் வேற யாரோடதாவது இருந்தாலும் பரவாயில்ல. யாருக்குக் கொடுக்கவச்சாலும் குற்றம் குற்றம்தான்.

செல்வி, சி.எஸ்.ஆர்.ல இந்த ரெண்டாம் பாதியே இல்லன்னு நினைக்கிறேன். கூடுதல் மனுவா எழுதுங்க: கால் வந்த நேரம், நம்பர், சொன்ன வார்த்தை அப்படியே, ஜிபே ட்ரான்சாக்‌ஷன் ஐ.டி. செக்‌ஷன் நம்பரை நீங்க எழுத வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தா, விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-படி எஸ்.பி.க்கோ, மாநகரம்னா கமிஷனர் ஆபீசுக்கோ தபால்ல அனுப்புங்க.

ஓய்வு எஸ்.ஐ.:
ரெண்டும் வேற வேற நாள், வேற வேற சம்பவம். தனி எஃப்.ஐ.ஆர். கேளுங்க.

வக்கீல் கோமதி:
ஒரே பையில இருந்து வந்ததுதானே சார். ஒண்ணுலயே போகலாம்னுதான் நான் நினைக்கிறேன்.

செல்வி_திருப்பூர்:
ஏ.ஆர். காப்பி வாங்கியாச்சு. கூடுதல் மனுவும் கொடுத்தாச்சு, எழுத்தர் “பார்க்கிறோம்”னார். இப்போ அதே நம்பர்ல இருந்து மீதி 5,000 கேட்டு மெசேஜ் வந்திருக்கு. தம்பி அனுப்பிரலாம்ங்கிறான்.

ஓய்வு எஸ்.ஐ.:
ஒரு பைசா அனுப்ப வேண்டாம். பிளாக்கும் பண்ணாதீங்க, மெசேஜை அழிக்காம “ரெண்டு நாள் டைம் கொடுங்க”னு மட்டும் பதில் போட்டுட்டு, போனோட ஸ்டேஷனுக்குப் போங்க. இன்னிக்கே.