ரேக் போட்டோவைப் பார்த்து சோப்பு எண்ணி ஏமாந்த கதை

லைன் சேல்ஸ்காரன்:
சாத்தூர் பக்கம் ஒரு மளிகைக் கடை. செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வாட்ஸப்பில் ரேக் போட்டோ அனுப்பி, "எவ்வளவு வேணும்னு நீயே பார்த்துப் போடு தம்பி"ன்னாரு. சோப்பு அஞ்சு அடுக்கு, ஒவ்வொண்ணுலயும் மூணு. ரெண்டாவது அடுக்கில் மட்டும் மேல ஒண்ணு இல்லை. ஆக 14 தெரிஞ்சது. ரேக் ஆழம் 12 அங்குலம், உள்ளே மூணு வரிசை நிற்கும்னு தெரியும். 40க்கு மேல இருக்குன்னு ஆர்டரே போடலை. நாளைக்கு ஆறு போகும் கடை. வெள்ளிக்கிழமை போன்: "தம்பி, சோப்பு தீர்ந்துபோச்சு."

போய்ப் பார்த்தா, முன்வரிசை சாயாம இருக்க பின்னால காலி அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருக்காரு. அன்னைக்கு இருந்ததே 19 தான். போட்டோவைத் திரும்பப் பெரிசாக்கிப் பார்த்தேன். அந்த ஒரு சோப்பு இல்லாத சந்துல அட்டையோட விளிம்பு தெரியுது. நான் நிழல்னு விட்டிருக்கேன்.

கணக்கர் மாமா:
மார்ச் கடைசியில் கடை கடையா ஸ்டாக் எடுத்தவன் நான். போட்டோவுக்கு ஒரே எண் எழுதாதீங்க. "14 தெரியுது, முழுசா இருந்தா 44" என்று ரெண்டு எண் எழுதணும். அட்டை தெரிஞ்ச இடத்தைக் கழிச்சா 44ம் குறையும். நடுவுல உள்ளதை அண்ணாச்சி கையை விட்டுத்தான் சொல்லணும். வியாபாரம் நடக்க நடக்க முன்னால இழுத்து நிரப்பி வைக்கிறது கடைக்காரர் பழக்கம். அதனால முன்வரிசை பெரும்பாலும் நிறைஞ்சேதான் இருக்கும், பின்வரிசைதான் முதல்ல காலியாகும்.

புதுக்கடை:
பக்கவாட்டுல ஒரு போட்டோ கேட்டா போதுமே, ஆழம் தெரிஞ்சிடும்.

கணக்கர் மாமா:
ஓரத்து அடுக்குக்குத் தெரியும். மத்த நாலு அடுக்கை அந்த ஓரத்துச் சோப்பே மறைச்சிடும். ரேக் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல போனைப் பிடிச்சு எடுத்தா மேல்தட்டாவது தெரியும். அடுத்த பலகை இடிக்காம இருந்தா.

செல்வி ஸ்டோர்:
எங்க கடையிலும் பின்னால தள்ளின பிஸ்கட் தேதி முடிஞ்சு கிடந்தது, கம்பெனிக்காரங்க திருப்பி எடுக்கவே மாட்டேன்னுட்டாங்க.

லைன் சேல்ஸ்காரன்:
அது வேற தலைவலிக்கா. நான் கேக்குறது எண்ணிக்கை.

செல்வி ஸ்டோர்:
அப்போ ஷாம்பூ சரத்தைச் சொல்லுங்க. ஒரே கொக்கியில் நாலஞ்சு சரம் தொங்குது, முன்னால உள்ளது மத்ததை மூடிடுது.

லைன் சேல்ஸ்காரன்:
கொக்கிகிட்ட பக்கத்துல இருந்து எடுத்தா சரத்தோட மேல் விளிம்புகள் நோட்டுப் பக்கம் மாதிரி அடுக்காத் தெரியும், அதை எண்ணுவேன். ஆனா பாதி கிழிச்ச சரம் நடுவுல இருந்தா அதுல மிச்சம் எத்தனைன்னு பிடிபடாது. அதுக்கு யாராவது வழி வச்சிருக்கீங்களா?

கணக்கர் மாமா:
இல்லப்பா. நான் கழட்டித்தான் எண்ணுவேன்.